கிளையன்ட் மீட்டிங் முடிந்ததும் எழுத வேண்டிய மெயில்: ஒரு ஜவுளிக்கடை வேலையை வைத்துப் படிப்படியாக

கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பில்லிங் மென்பொருள் செய்து தரும் வேலை வந்திருக்கிறது. 2026 ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை, கடையின் மாடி அறையில் மீட்டிங். உரிமையாளர், அவருடைய மகன், கணக்காளர் மூவரும் அவர்கள் பக்கம். உங்கள் சீனியரும் நீங்களும் இந்தப் பக்கம். ஆடித் தள்ளுபடி நேரம் என்பதால் உரிமையாளர் இரண்டு முறை கீழே போய்விட்டு வந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். காரில் ஏறும்போது சீனியர் சொல்கிறார்: “பேசினதையெல்லாம் ஒரு மெயிலா போட்டு அவங்களுக்கு அனுப்பிடுப்பா.”

அந்த மெயிலை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. கடையும் மீட்டிங்கும் எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தவை. அங்கே வரும் சிக்கல்கள் இந்தத் தொழிலில் அடிக்கடி வருபவை. எடுத்துக்காட்டு மெயிலைத் தமிழில் தருகிறேன். உங்கள் கிளையன்ட் ஆங்கிலத்தில் எழுதுபவர் என்றால் நீங்களும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

மெயில் வேலை மீட்டிங் அறையிலேயே தொடங்குகிறது

மீட்டிங் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, எழுதி வைத்த முடிவுகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். “சார், நான் குறிச்சதை ஒரு தடவை படிச்சிடறேன், சரியா இருக்கான்னு பாருங்க” என்று தொடங்கினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் எடுத்துக்காட்டில் “எக்சேஞ்ச் ஏழு நாள்” என்று படித்ததும் கணக்காளர், “பில் இருந்தால்தான்” என்று சேர்த்தார். உரிமையாளர், “பணமா திருப்பித் தர மாட்டோம், வேற துணி எடுத்துக்கலாம்” என்றார். ஒரு வரிக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருந்தன. இவை அங்கே வெளிவராமல் மெயிலில் ‘7 நாள் எக்சேஞ்ச்’ என்று மட்டும் போயிருந்தால், பணத்தைத் திருப்பித் தரும் வசதியோடு மென்பொருள் தயாராகியிருக்கும்.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் யார் சொன்னார், யார் ஒத்துக்கொண்டார் என்பதைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு மட்டும்தான்; மெயிலில் பெரும்பாலும் வராது. ஆனால் எந்த வரி உறுதியான முடிவு, எது ஒருவருடைய விருப்பம் மட்டும் என்று பின்னால் பிரித்துப் பார்க்க இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

எழுதும் முன் குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்

நேராக மெயில் பெட்டியைத் திறந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் பேசிய வரிசையிலேயே எழுதிவிடுவோம். பேச்சு எப்போதும் வளைந்து வளைந்துதான் போகும். பிரிண்டரில் தொடங்கி ஜிஎஸ்டிக்குப் போய், தீபாவளிக்குத் தாவி, மறுபடி பிரிண்டருக்கு வரும். அதை அப்படியே எழுதினால் படிப்பவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தேட வேண்டியிருக்கும்.

முதல் குவியலில் முடிவானவை. எல்லாருக்கும் கேட்கும்படி பேசப்பட்டு, முடிவெடுக்கும் உரிமை உள்ளவர் ஒத்துக்கொண்டவை மட்டுமே இதில் வரும். இரண்டாவது குவியலில் அவர்கள் இன்னும் முடிவு சொல்லாதவை. மூன்றாவதில் யார் எதை எப்போது செய்வது என்பது.

சிக்கல் முதல் குவியலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மகன், “பில் வாட்ஸ்அப்ல போகணும்” என்றார். உங்கள் சீனியர் “பண்ணிடலாம் சார்” என்றார். உரிமையாளர் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இது முடிவா? மகனைக் கேட்டால் முடிவு என்பார். உரிமையாளரைக் கேட்டால் பேசவே இல்லை என்பார். செலவு பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பின் பிசினஸ் தளத்தில் கடை தானாகத் தொடங்கி அனுப்பும் செய்திகளுக்குக் கட்டணம் உண்டு; அதை மென்பொருளோடு இணைக்கும் வேலையும் தனி. இப்படிப்பட்டதை முடிவானவற்றில் சேர்த்தால் இலவசமாகச் செய்து தர எழுத்தில் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். மெயிலில் விட்டுவிட்டால், மகன் ஒரு மாதம் கழித்து “அன்னிக்கே சொன்னோமே” என்பார். அவர் சொன்னதும் உண்மைதான்.

எனவே அதை எழுதியே ஆக வேண்டும், அது இருக்கும் நிலையில் எழுத வேண்டும்: “பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி பற்றிப் பேசினோம். இது தற்போதைய விலைப்புள்ளியில் இல்லை. இதற்கான செலவை ஆகஸ்ட் 10-க்குள் தனியே அனுப்புகிறோம். தங்கள் ஒப்புதல் கிடைத்ததும் தொடங்குகிறோம்.” கேட்டதைப் பதிவு செய்தாயிற்று, விலையில் இல்லை என்பதையும் சொல்லியாயிற்று. மறுப்பாகவும் ஒலிக்கவில்லை.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். பணப் பேச்சை மெயிலில் எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில் இது தலைகீழ். செலவை முன்கூட்டிச் சொல்வதுதான் மரியாதை. வேலையை முடித்துவிட்டுப் பில்லில் ஒரு வரி கூட்டினால்தான் உறவு கெடும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்

மீட்டிங்கில் இன்னொன்றும் நடந்தது. கடைத்தளத்தில் உள்ள சூப்பர்வைசர் தன் பொறுப்பில் எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்று கேட்டீர்கள். உரிமையாளர் 5 என்றார். மகன், “சீசன்ல 10 வேணும்ப்பா” என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

“ஐயா 5% என்றும் தங்கள் மகன் 10% என்றும் கூறினீர்கள்” என்று எழுதவே கூடாது. கணக்காளரும் அந்த மெயிலைப் படிக்கப் போகிறார். அப்பாவும் மகனும் வேறுபட்டதை வெளியாள் ஒருவர் எழுத்தில் வைப்பது அவர்களுக்குச் சங்கடம். அதே நேரம், உரிமையாளர் பெரியவர் என்பதால் 5 என்றே முடிவாக எழுதிவிடுவதும் சரியல்ல. அவர்களுக்குள் அன்று இரவே வேறு மாதிரி முடிவாகியிருக்கலாம்.

பெயர்களை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் வையுங்கள். கூடவே, பதில் வரும்வரை நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: “சூப்பர்வைசர் தரக்கூடிய அதிகபட்சத் தள்ளுபடி 5%-ஆ, 10%-ஆ என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தங்கள் பதில் வரும் வரை 5% என்று அமைத்து வைக்கிறோம். பின்னர் எளிதாக மாற்றிக்கொள்ளலாம்.” பதில் தாமதமானாலும் வேலை நிற்காது. ஆனால், எளிதாக மாற்ற முடிகிற விஷயத்துக்கு மட்டுமே இப்படி எழுதுங்கள். மாற்றினால் பத்து நாள் வேலை வீணாகும் என்றால், பதில் வரும்வரை அந்தப் பகுதியைத் தொடங்கப் போவதில்லை என்றுதான் எழுத வேண்டும்.

இந்தத் தள்ளுபடி விஷயம் வரியையும் தொடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளில் ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5%, அதற்கு மேல் 18%. வரி சேர்க்காமல் 2,600 ரூபாய் விலையுள்ள ஒரு சட்டைக்குப் பில்லிலேயே 5% தள்ளுபடி தந்தால் மதிப்பு 2,470-க்கு இறங்கி, வரி விகிதமும் மாறிவிடும். மீட்டிங்கில் கணக்காளர் இதைச் சுட்டிக்காட்டினார்: விகிதம் தள்ளுபடிக்குப் பிந்தைய மதிப்பை வைத்துத்தான் முடிவாக வேண்டும் என்றார். இப்படி ஒருவர் தன் துறை அறிவோடு சொன்ன முடிவை, அவர் சொன்னதாகவே எழுதுவது நல்லது. அவருக்குரிய மதிப்பும் கிடைக்கும், வரி பற்றிய முடிவு யாருடையது என்பதும் தெளிவாக இருக்கும். வரி விஷயத்தில் மென்பொருள் செய்பவர் தானாக முடிவு எடுக்கக் கூடாது.

தேதியும் பெயரும் இல்லாத வேலை நடக்காது

‘அடுத்த வாரம்’, ‘சீக்கிரம்’, ‘ஆடி முடிஞ்சதும்’ எல்லாம் பேச்சுக்குச் சரி. மெயிலில் கிழமையோடு தேதி வர வேண்டும். கிழமை சேர்ப்பதில் ஒரு லாபம் உண்டு: தேதியைத் தவறாக அடித்திருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்காளர் பொருள் பட்டியலை எக்செல்லில் தர வேண்டும். ஆடி முடியும்வரை தனக்கு நேரம் இல்லை என்றார். ஆடி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது, ஆகவே ஆகஸ்ட் 19, புதன்கிழமை என்று அங்கேயே பேசிக்கொண்டீர்கள். பட்டியல் வந்தபின் அதை ஏற்றிச் சரிபார்க்க உங்களுக்கு ஐந்து வேலை நாள் வேண்டும். ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை கடையில் டெமோ. செப்டம்பர் 7, திங்கள் முதல் ஒரு வாரம் ஒரு கவுன்டரில் மட்டும் ட்ரையல். மற்ற கவுன்டர்களில் பழைய முறையே ஓடும். தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன் எல்லா கவுன்டர்களுக்கும் மாறிவிட வேண்டும் என்பது உரிமையாளரின் எண்ணம்.

இங்கே தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. பட்டியல் தள்ளிப்போனால் டெமோவும் தள்ளிப்போகும். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல். “தங்கள் தரப்பில் தாமதமானால் நாங்கள் பொறுப்பல்ல” என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னும் நடக்காத தவறுக்கு முன்கூட்டியே கண்டிப்பது போல இருக்கிறது. அதே செய்தியை, “பட்டியல் கைக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு ஐந்து வேலை நாள் தேவைப்படும். பட்டியல் வரும் நாள் மாறினால் டெமோ நாளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்” என்று எழுதலாம். காரணமும் விளைவும் இருக்கின்றன, யாரையும் சுட்டவில்லை.

பொறுப்பாளர் இடத்தில் ‘எங்கள் டீம்’ என்றோ ‘தங்கள் தரப்பு’ என்றோ எழுதாதீர்கள். ஒரு வேலைக்கு ஓர் ஆள். கீழே உள்ள எடுத்துக்காட்டில் பதவியை மட்டும் போட்டிருக்கிறேன். உண்மையான மெயிலில் அந்த இடத்தில் பெயரைப் போடுங்கள்.

மெயில்

இப்போது முழுவதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

> சப்ஜெக்ட்: பில்லிங் மென்பொருள் – ஆகஸ்ட் 4 சந்திப்பு முடிவுகள் – ஆக. 7-க்குள் தங்கள் பதில் தேவை
>
> மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,
>
> வணக்கம். ஆடி விற்பனை நேரத்திலும் செவ்வாய்க்கிழமை எங்களுக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அன்று பேசி முடிவானவற்றையும், அடுத்து நடக்க வேண்டியவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். நான் புரிந்துகொண்டதில் மாறுபாடு ஏதும் இருந்தால் அருள்கூர்ந்து திருத்தவும்.
>
> இரண்டு விஷயங்களில் மட்டும் தங்கள் முடிவு வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 7-க்குள் தேவைப்படுகிறது. அவற்றை முதலில் தந்திருக்கிறேன்.
>
> தங்கள் முடிவுக்காக
>
> 1. சூப்பர்வைசர் தரக்கூடிய அதிகபட்சத் தள்ளுபடி 5%-ஆ, 10%-ஆ? தங்கள் பதில் வரும் வரை 5% என்று அமைத்து வைக்கிறோம். பின்னர் எளிதாக மாற்றிக்கொள்ளலாம்.
>
> 2. ஆகஸ்ட் 27 டெமோவைக் கடை திறக்கும் முன் காலை 8 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா, அல்லது கடை மூடிய பிறகு இரவு 9.30 மணிக்கா?
>
> முடிவானவை
>
> 3. முதலில் மெயின் கடைக்கு மட்டும் மென்பொருள் அமைக்கப்படும். கிளைக் கடை பற்றித் தீபாவளிக்குப் பிறகு பேசலாம்.
>
> 4. எக்சேஞ்ச்: பில்லுடன் 7 நாட்களுக்குள் வந்தால் வேறு துணி எடுத்துக்கொள்ளலாம். பணம் திருப்பித் தரப்படாது.
>
> 5. ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி விகிதம், தள்ளுபடி போக உள்ள மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படும். இதைத் தங்கள் கணக்காளர் உறுதிப்படுத்தினார்.
>
> 6. செப்டம்பர் 7, திங்கள் முதல் ஒரு வாரம் ஒரு கவுன்டரில் மட்டும் ட்ரையல். மற்ற கவுன்டர்களில் பழைய முறை தொடரும்.
>
> இனி செய்ய வேண்டியவை
>
> 7. ஆகஸ்ட் 10, திங்கள்: பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதிக்கான செலவு விவரம் – எங்கள் பிராஜெக்ட் மேனேஜர். இந்த வசதி தற்போதைய விலைப்புள்ளியில் இல்லை. தங்கள் ஒப்புதல் கிடைத்ததும் தொடங்குகிறோம்.
>
> 8. ஆகஸ்ட் 19, புதன்: எக்செல் பொருள் பட்டியல் – தங்கள் கணக்காளர். நிரப்ப வேண்டிய படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். முதல் மூன்று வரிகள் மாதிரிக்காக நிரப்பப்பட்டுள்ளன.
>
> 9. ஆகஸ்ட் 27, வியாழன்: கடையில் டெமோ – நான். பட்டியல் கைக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு ஐந்து வேலை நாள் தேவைப்படும். பட்டியல் வரும் நாள் மாறினால் டெமோ நாளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.
>
> எதையேனும் நான் விட்டிருந்தால் இந்த மெயிலுக்கே பதிலாகவோ, கீழே உள்ள எண்ணில் அழைத்தோ தெரிவிக்கலாம்.
>
> நன்றியுடன்,
> (பெயர், பதவி, நிறுவனம், கைப்பேசி எண்)

இதில் சிலவற்றை ஏன் அப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கேள்விகள் முடிவுகளுக்கு முன்னால் வருகின்றன. கடை உரிமையாளர் இதைக் கைப்பேசியில், நின்றுகொண்டே படிக்க வாய்ப்பு அதிகம். முதல் திரையில் அவருக்கு வேண்டியது அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுதான். முடிவானவற்றை அவர் ஏற்கெனவே அறிவார். சரிபார்க்க மட்டுமே அவை தேவை.

எண்கள் பிரிவுக்குப் பிரிவு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காமல், 1 முதல் 9 வரை ஒரே ஓட்டமாகப் போகின்றன. “நாலாவது பாயின்ட்ல ஒரு மாத்தம்” என்று அவர் போனில் சொன்னால் எந்த நாலு என்ற குழப்பம் வராது.

அட்டவணை போடவில்லை. கணினியில் அழகாகத் தெரியும் அட்டவணை கைப்பேசியில் நெருங்கி, ஒரு வார்த்தைக்கு ஒரு வரி என்று உடைந்துவிடும். வேலைகள் பதினைந்து இருபதைத் தாண்டினால் அட்டவணையைத் தனிக் கோப்பாக இணையுங்கள். மெயிலில் அந்த வாரத்துக்கு உரியதை மட்டும் எழுதுங்கள்.

நன்றி ஒரு வாக்கியம்தான், ஆனால் அது அந்த நாளுக்கு உரியது. ஆடி விற்பனைக்கு நடுவில் நேரம் கொடுத்தார் என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ‘தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்பதை யாருக்கும் அனுப்பலாம் என்பதால் அது யாரையும் தொடுவதில்லை.

தொனியில் சறுக்கும் இடங்கள்

“நீங்கள் ஒப்புக்கொண்டபடி” என்பது தமிழில் வழக்காடும் குரலாக ஒலிக்கிறது. “நாம் பேசியபடி”, “அன்று முடிவானபடி” என்று எழுதினால் செய்தி அதேதான், உரசல் இல்லை. “உடனடியாக அனுப்பவும்” என்பதற்குப் பதிலாக ஒரு தேதியையும் காரணத்தையும் கொடுங்கள். தேதி இருந்தால் அவசரம் தானாகவே புரியும்.

மறுபக்கம், பணிவு கூடிப்போய்ச் செய்தி காணாமல் போவதும் உண்டு. “தங்களுக்குச் சிரமம் இல்லையெனில், நேரம் கிடைக்கும்போது பட்டியலை அனுப்பினால் நன்றாக இருக்கும்” என்று எழுதினால், படிப்பவர் அதை அவசரமில்லாத வேலை என்று எடுத்துக்கொள்வார். அவர் மேல் தவறே இல்லை. நீங்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். பணிவு விளிப்பிலும் வினைமுடிவிலும் இருக்கட்டும். தேதியிலும் தொகையிலும் நெகிழ்வு வேண்டாம்.

விளிப்பில் ஒன்று. மீட்டிங்கில் அவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டிருக்கலாம், அவரும் உங்களைத் ‘தம்பி’ என்றிருக்கலாம். கணக்காளரும் மற்றவர்களும் படிக்கும் மெயிலில் ‘ஐயா’ அல்லது ‘திரு. … அவர்களுக்கு’ என்பதே பொருந்தும். தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் அண்ணா என்றே எழுதலாம். ‘தாங்கள்’ என்று தொடங்கினால் மெயில் முழுவதும் ‘தாங்கள்’ ஆகவே இருக்கட்டும். நடுவில் ‘நீங்கள்’ வந்தால் இரண்டு பேர் எழுதியது போல இருக்கும்.

அனுப்பும் நேரமும் அனுப்பும் முறையும்

மீட்டிங் முடிந்த அன்றே எழுதி முடியுங்கள். மாலையில் முடிந்தது என்றால், அன்று இரவு எழுதி, சீனியரிடம் காட்டி, மறுநாள் காலை பத்து பதினொரு மணிக்குள் அனுப்பலாம். இரண்டு நாள் கடந்தால் அவரவர் நினைவில் அவரவர் மீட்டிங் உருவாகிவிடும். அப்போது உங்கள் மெயில் பதிவாக இருக்காது, இன்னொரு தரப்பாக ஆகிவிடும்.

பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள். பாதி எழுதும்போது கை தவறி அனுப்பிவிடும் ஆபத்து இதனால் இல்லாமல் போகும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற `Undo send` வசதி உண்டு. செட்டிங்ஸில் அந்த நேரத்தை அதிகபட்சமான 30 வினாடிக்கு மாற்றி வையுங்கள்.

முடிவெடுப்பவர் `To`-வில். பெயர் குறிப்பிட்டு வேலை கொடுத்திருக்கும் ஒவ்வொருவரும் அதே வரியில் இருக்க வேண்டும். கணக்காளருக்கு ஒரு வேலையை எழுதிவிட்டு அவருக்கே மெயில் போகாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. தகவலுக்காக மட்டும் அறிய வேண்டியவர்கள் `Cc`-யில். உங்கள் அலுவலகத்துக்குள் பேசிக்கொண்ட மெயிலின் தொடர்ச்சியாக இதை எழுதாதீர்கள். “அவர் விலையைக் குறைக்கச் சொல்வார், விட்டுக்கொடுக்காதே” என்று சீனியர் எழுதிய வரி கீழே மடிந்து கிடக்கும். புது மெயிலாகத் தொடங்குங்கள்.

இணைப்பு என்று எழுதிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, உடனே கோப்பை இணைத்துவிட்டுத் தொடருங்கள். ஜிமெயிலில் இணைப்புகள் மொத்தம் 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். பெரிய கோப்பு என்றால் டிரைவ் லிங்க்காகப் போகும். அப்படிப் போகும்போது அவர்களுக்குத் திறக்க அனுமதி இருக்கிறதா என்பதை வேறொரு கணக்கிலிருந்து திறந்து பார்த்துவிடுங்கள்.

மெயிலே பார்க்காத உரிமையாளர்கள் நிறைய. அவர்களுக்கு மெயில் அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுங்கள்: “வணக்கம் ஐயா. செவ்வாய்க்கிழமை பேசியவற்றை மெயிலில் அனுப்பியுள்ளேன். தள்ளுபடி அளவும் டெமோ நேரமும் மட்டும் வெள்ளிக்குள் சொன்னால் போதும்.” முழு மெயிலையும் வாட்ஸ்அப்பில் ஒட்டாதீர்கள். பிறகு திருத்தங்கள் இரண்டு இடத்திலும் வந்து, எது கடைசி என்று தெரியாமல் போகும்.

பதில் வந்தபின்

உரிமையாளர் போனில் கூப்பிட்டு, “எக்சேஞ்ச் பத்து நாளா வெச்சிடுங்க, தள்ளுபடி அஞ்சே இருக்கட்டும், காலைலயே வாங்க” என்கிறார். நல்லது. போனை வைத்ததும் அதே மெயில் தொடரில் எல்லாருக்கும் பதில் அனுப்புங்கள்: “இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி: எண் 1, தள்ளுபடி 5%. எண் 2, டெமோ காலை 8 மணி. எண் 4, எக்சேஞ்ச் 7 நாள் என்பது 10 நாள் ஆகிறது. மற்றவை முன்பு எழுதியபடியே.” முழுப் பட்டியலையும் மறுபடி அனுப்பினால் எது மாறியது என்று தேட வேண்டியிருக்கும். மாறியதை மட்டும் எழுதுங்கள்.

வெறும் ‘ஓகே’ என்று பதில் வந்தால், முடிவானவற்றுக்கு அது போதும். இரண்டு தேர்வுகளில் ஒன்றைக் கேட்ட கேள்விக்கு ‘ஓகே’ பதிலாகாது. “நன்றி ஐயா. டெமோ காலை 8 மணிக்கு என்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று அந்த ஒன்றை மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால்? ‘மூன்று நாளில் பதில் இல்லையெனில் ஒப்புதலாகக் கருதப்படும்’ என்ற வரியைச் சில நிறுவனங்கள் வழக்கமாகப் போடுகின்றன. மீட்டிங்கில் ஒத்துக்கொண்டதைப் பதிவு செய்யும்போது அது பெரிய தவறில்லை. புதிய செலவுக்கோ புதிய வேலைக்கோ அதை நம்பக் கூடாது. ஒருவர் பேசாமல் இருந்தார் என்பதை வைத்து அவர் பணம் தர ஒத்துக்கொண்டார் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஆகவே “இந்தச் செலவுக்கு ஒப்புதல்” என்று அவர் மெயிலில் எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது, பதில் இல்லை என்றால் சனிக்கிழமையே துரத்த வேண்டாம். ஜவுளிக்கடைக்குச் சனியும் ஞாயிறும்தான் கூட்டம். திங்கள் காலை, அதே மெயிலுக்குப் பதிலாக, இப்படி அனுப்புங்கள்:

> வணக்கம் ஐயா. கீழே உள்ள மெயிலில் எண் 1, எண் 2 ஆகியவற்றில் தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறேன். தள்ளுபடியை இப்போதைக்கு 5% என்று அமைத்துள்ளோம். டெமோ நேரம் தெரிந்தால் அதற்கேற்ப எங்கள் வருகையை முடிவு செய்துகொள்வோம். வாட்ஸ்அப் வசதிக்கான செலவு விவரத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

நினைவூட்டலோடு, அன்று தருவதாக ஒத்துக்கொண்ட உங்கள் வேலையும் போகிறது. கேட்பதற்கு முன் உங்கள் பங்கை முடித்திருப்பதால் கேள்வியில் உரிமை இருக்கிறது, வற்புறுத்தல் இல்லை. இதற்கும் பதில் வரவில்லை என்றால் மூன்றாவது மெயில் எழுத வேண்டாம். கடை திறந்து கூட்டம் சேரும் முன், காலையில் ஒரு போன் செய்யுங்கள். அதில் கிடைத்த பதிலை அதே தொடரில் ஒரு வரியாக எழுதி அனுப்பிவிடுங்கள்.